ஒரு பல் குறைந்த பூண்டு

என் ஓரகத்தியின் மேல் எனக்குப் பொறாமை உண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் கணவரின் தம்பி மனைவி அவள். நானும் டாக்டர், அவளும் டாக்டர். நான் மேல்மலையில், கிளாவரைப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். அவள் திண்டுக்கல்லில், எந்த ஊரில் என்ன நோய் பரவுகிறது, ஏன் பரவுகிறது என்று ஆராயும் அலுவலகத்தில் இருக்கிறாள். காய்ச்சல்காரரின் நாடியைப் பிடிப்பது நான். காய்ச்சல்களுக்கு வரைபடத்தில் புள்ளி வைப்பது அவள். எங்கள் மாமியார் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "பெரியவ மலையில ஊசி போடுறா. சின்னவ ஜில்லாவையே பாத்துக்கிறா."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் கரும்பு தின்றிருக்கிறேன். பல் வலிக்கும் அளவுக்குக் கடித்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் மழை ஓய்ந்து பனி இறங்கும்போது பூண்டு தோண்டுவார்கள். அதே சமயம் ஒரு காய்ச்சலும் வரும். புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத குட்டி உண்ணிகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் உடம்பில் ஒரு கிருமி இருக்கும். உண்ணி நம் மேல் ஏறி, துணி இறுக்கிப் பிடித்த இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்தது தெரியாது. பத்து நாள் வாக்கில் எலும்பை முறிக்கிற மாதிரி காய்ச்சல் அடிக்கும். இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். தேடாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். அந்தப் பொருக்கைத் தேடுவதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் கிடையாது. இது தற்பெருமைதான். இருக்கட்டும்.

ஓரகத்தி எங்கள் ஊருக்கு வந்ததற்கு முந்தைய வருடம், பூண்டுத் தோண்டலின்போது ஒரு பெண்ணைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தார்கள். ஐந்து மாதக் கர்ப்பம், முதல் பிள்ளை. பல் கிட்டித்துப்போயிருந்தது. பாவாடை நாடாவுக்குக் கீழே பொருக்கைக் கண்டுபிடித்தேன். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தைக் கொடுத்து, ஆம்புலன்சில் நானே கூட உட்கார்ந்து கொடைக்கானல்வரை போனேன். அவள் பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை பிழைக்கவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு நாள் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். கிளம்பும்போது பை நிறைய பட்டர் பீன்ஸை வைத்துவிட்டுப் போனாள்.

மறுவருடம், சரியாக அதே பருவத்தில், மறுபடியும் ஐந்து மாதத்தோடு வந்து நின்றாள்.

"ஒருக்கா வந்துட்டா அந்தக் காய்ச்ச மறுபடி வராதுல்ல டாக்டரம்மா?"

வராது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் அந்தக் கிருமியில் பல வகை உண்டு. ஒன்று வந்து போனால் இன்னொன்றுக்கு உடம்பு அசராமல் நிற்கும் என்று நம்ப முடியாது. வரலாம் என்றேன். இந்த வருடம் தோண்டலுக்குப் போகாதே என்றேன்.

"போகாம எப்டிங்க? எங்கூர்ல மாத்தாளுங்க. நான் அவுங்க காட்டுக்குப் போனாத்தான் அவுங்க என் காட்டுக்கு வருவாங்க. நான் உக்காந்துட்டா எம்பூண்டு மண்ணுலயே அழுகிப் போகும்."

அவளைத் தடுத்து நிறுத்த எனக்கு வழியில்லை. ஆனால் நோயின் காரணத்தை வேரோடு பிடுங்கினால் போதுமே என்று நினைத்தேன். காரணம் என்ன? உண்ணி. உண்ணி எங்கே? புதரில், எலியின் மேல். ஆகவே வயலைச் சுற்றியுள்ள புதரை வெட்ட வேண்டும், வரப்புப் புல்லைச் செதுக்க வேண்டும், எலியைப் பிடிக்க வேண்டும், மருந்தடிக்க வேண்டும். இதை நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். புதரில் பாதி வனத்துறையுடையது, தொட முடியாது. வரப்புப் புல்லைச் செதுக்கினால் அடுத்த மழையில் அடுக்கு வயல் சரிந்து கீழ்வயலில் கிடக்கும் என்று ஊர்க்காரர்கள். மாட்டுக்கும் அந்தப் புல்தான். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததற்கு எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் ஓரகத்தி ஜீப்பில் வந்து இறங்கினாள். எங்கள் ஊர்க் காய்ச்சல் அவள் வரைபடத்தில் புள்ளியாக விழுந்திருந்ததாம்.

"அக்கா, இளைச்சுட்டீங்களே" என்றாள். வந்ததும் வராததுமாக என் நர்ஸிடம் அவள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். எனக்கு அந்த நர்ஸின் பிள்ளைகள் எத்தனையாவது படிக்கிறார்கள் என்று தெரியாது. அடுத்த பத்தாவது நிமிடத்தில் நர்ஸ் அவளுக்கு மட்டும் இஞ்சி தட்டிப்போட்டு டீ கொண்டுவந்தாள். எனக்கு வழக்கமான டீ.

மறுநாள் வெள்ளனே பூண்டுக்காட்டுக்குப் போனோம். அவள் யாரிடமும் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆண்கள் கொத்தினார்கள். பெண்கள் பூண்டைத் தாளோடு உருவி, மண்ணை உதறி, வேரை அரிந்து கட்டுக் கட்டினார்கள். எல்லாப் பெண்களும் வரப்புப் புல்லில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் புல்லில் போட்டார்கள். மஞ்சு இறங்கிக் குளிர் எடுத்ததும் அதையே எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் அதோடேயே வீட்டுக்குப் போய், அந்தக் குளிரில் குளிக்காமல் அதோடேயே தூங்குவார்கள். இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லையா என்றால், தினம் பார்த்திருக்கிறேன்.

"தோண்டுன எடம் வெறும் மண்ணாத்தானே கெடக்கு. அதுல உக்காரலாமே?" என்று கேட்டாள்.

பெண்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் பூண்டுப் பாத்தியில் பெண்கள் உட்காரக் கூடாது. கடைசிப் பாத்திவரை தோண்டி முடித்து, தேங்காய் உடைத்துக் கும்பிட்ட பிறகுதான் அந்த மண் உட்காருகிற மண். அதுவரை அது விளைகிற மண். செருப்புக்கூட படக் கூடாது. இந்த வழக்கத்தை நான் அவளுக்கு விளக்கினேன். எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு முழுப் பூண்டைக் கையில் எடுத்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கர்ப்பிணியும் இருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"போன வருசம் நீங்க எல்லாருமே புல்லுலதான் உக்காந்தீங்க. எல்லாருக்கும் காய்ச்ச வந்துச்சா?"

"இல்லீங்களே. நாலஞ்சு பேருக்குத்தான்."

"ஏன்னா புல்லு மட்டும் காய்ச்சலக் கொண்டுவராது. இந்தப் பூண்டு முழுசா இருந்தாத்தான் காய்ச்ச. இந்தப் பல்லு, புல்லுல உண்ணி இருக்கணும். இது, அந்த உண்ணிக்குள்ள கிருமி இருக்கணும். இது, உங்க உடம்போ துணியோ அந்தப் புல்லுல படணும். இது, அந்த உண்ணிய ராத்திரி வரைக்கும் உடம்புல வச்சிருக்கணும். இது, அந்தக் கிருமியத் தாங்குற சக்தி உடம்புல இல்லாம இருக்கணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் பூண்டு பூண்டாகாது. புல்லுல உக்காந்தும் காய்ச்ச வராதவங்களுக்கு வேற ஏதோ ஒரு பல்லு கொறஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

ஒரு பல்லைப் பிய்த்தாள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது, நடுவில் ஒரு குழி.

"மிச்சம் அத்தனையும் இருக்கட்டும். உண்ணி இருக்கட்டும், கிருமி இருக்கட்டும். எல்லாத்தையும் ஒழிக்க நம்மால முடியாது, ஒழிக்கவும் வேணாம். எந்தப் பல்ல உங்களால ஈசியா பிய்க்க முடியும்? சொல்லுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "ஏம்மா, கிருமி அங்கயேதான் இருக்கும், உண்ணியும் அங்கயேதான் இருக்கும். காரணம் பத்திரமா இருக்கும், காய்ச்ச மட்டும் போயிருமாக்கும்?"

"போகும்க்கா. அதுவும் காரணம், இதுவும் காரணம். நீங்க சொல்ற புதர வெட்டுனாலும் போகும், அதுவும் ஒரு பல்லுதான். நீங்க சொல்றது தப்பே இல்ல. எது வெரசா நடக்கும்னுதான் பாக்குறேன்."

தப்பு என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தப்பே இல்லை என்று சொன்னால் என்ன செய்வது? என் வருடக்கணக்கான போராட்டத்தை ஒரு பூண்டுப் பல்லாக்கி மடியில் போட்டுக்கொண்டாள். 

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் குளிப்பதா, இந்தக் குளிரில் முடியாது. ஸ்வெட்டரைக் கயிற்றில் போடலாம், அது முடியும். உட்காருவதற்கு என்ன செய்வது? கடைசியில் அந்தக் கர்ப்பிணிதான் சொன்னாள்: "தேங்கா கடைசிலயே ஒடைக்கட்டும். ஒவ்வொரு பாத்தியும் தோண்டுனதும் அந்தப் பாத்திக்கு ஒரு சூடம் காட்டிட்டு உக்காந்துக்கலாம்ல. சாமிக்குக் கடைசில வேணும், எங்களுக்கு மொதல்ல வேணும். ரெண்டு தடவ கும்புட்டா கோவிச்சுக்கவா போகுது?"

பெரியவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து தோண்டி முடித்த பாத்தியில் சூடம் எரிந்தது. பெண்கள் வெறும் மண்ணில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். இரண்டு கொம்பு நட்டு ஒரு கயிறு கட்டினார்கள். அதில் ஸ்வெட்டர்கள் தொங்கின. இதற்காகத் திண்டுக்கல்லிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்ததா என்று நான் நர்ஸிடம் கேட்டேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஓரகத்தி கிளம்பிப் போனாள். நான் காத்திருந்தேன். உண்மையைச் சொல்வதானால் இரண்டுக்கும் காத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. ஓரகத்தியின் பூண்டு வித்தையும் பலித்துவிடக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று தெரிந்தும் இரண்டையும் வேண்டிக்கொண்டேன். வேலை முடிந்து திரும்பும் வழியில் அந்தப் பெண்ணைத் தினமும் வரச்சொன்னேன். திரைக்குப் பின்னால் நிற்க வைத்து அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, மார்புக்குக் கீழே என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். அவளுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. "இன்னைக்கும் ஒண்ணுமில்லல்ல?" என்று கேட்டுவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு போவாள். 

காய்ச்சல் குறைந்தது. வருடா வருடம் என் வராந்தாவில் சுருண்டு கிடக்கும் பூண்டுக்காட்டுப் பெண்கள் அந்த வருடம் வரவில்லை. என் நாற்காலி, என் டார்ச், என் மாத்திரை எல்லாம் தயாராக இருந்தன, ஆள்தான் இல்லை. ஒரு டாக்டர் இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் யாருக்கோ நன்றி சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் பிடிக்கவில்லை.

அப்போது ஒருவர் வந்தார். மாடு மேய்ப்பவர், நல்ல காய்ச்சல். அக்குளில் பொருக்கு, கறுத்து, வட்டமாக. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. மருந்தை ஆரம்பித்தேன், இரத்தம் எடுத்து அனுப்பினேன், கை கழுவிய ஈரத்தோடு ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

"பாத்தியா? வந்துருச்சு. ஒம்பல்லப் பிய்ச்சும் வந்துருச்சு."

"அய்யோ, யாருக்குக்கா? அந்தப் புள்ளத்தாச்சிக்கா?"

முதலில் அவள் கேட்டது அதைத்தான். என் வீறாப்பு கொஞ்சம் இறங்கிவிட்டது. இல்லை, மாட்டுக்காரர் என்றேன்.

"அவர் பூண்டுக்காட்டுக்கே போகலையேக்கா? எங்க படுத்தாருன்னு கேளுங்க."

கேட்டேன். மத்தியானம் மாட்டை விட்டுவிட்டு மேலே சோலை ஓரத்துப் புல்லில் சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுப்பாராம். தினமும் படுப்பாராம்.

"அது வேற பூண்டுக்கா. நாம பிய்ச்சது பூண்டுக்காட்டு வரப்புல உக்காருற பல்லு. அவர் பூண்டுல அந்தப் பல்லே கெடையாதே. அந்தப் பல்லு இருந்த காய்ச்சதான் நின்னுச்சு. இவருக்கு இவரோட பூண்டுல எதப் பிய்க்கலாம்னு பாக்கணும். நீங்க வெரசா கண்டுபிடிச்சீங்க, இல்லாட்டி என்னாயிருக்கும்?"

பாராட்டு வேறு. போனை வைத்துவிட்டேன். என்ன சொன்னாலும் அவள் கணக்கில் சரியாக வந்து உட்கார்ந்தது. மாட்டுக்காரர் பிழைத்தார். இப்போது ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மேய்க்கப் போகிறார். அந்தச் சாக்கைக் கொடுத்தது நான். இதையும் எங்கேயாவது பதிந்துவைக்க வேண்டும் என்றுதான் இங்கே சொல்கிறேன்.

மார்கழி போய், தை போய், மாசியும் போய், பங்குனியில் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது. எங்கள் நிலையத்திலேயே பிரசவம் பார்த்தேன். வெளியே மழை, கரண்ட் போய் வந்து போய் வந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. அதை விரலால் எடுத்துவிட்டது நான். முதுகைத் தேய்த்து அழ வைத்ததும் நான். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். என் பிரசவத்தில்கூட அப்படி அழவில்லை.

குழந்தையின் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். கன்னம் புடைத்து, திருஷ்டிப் பொட்டும் தானுமாக இருந்தது குழந்தை. என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சொன்னாள். என் ஓரகத்தியின் பெயர்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, மிகச் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "பிரசவம் பாத்தது நானாச்சே?"

சிறுபிள்ளைத்தனம்தான். கேட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் சொல்லவும் செய்தேன். நீ புல்லிலேயே உட்கார்ந்திருந்தாலும் உனக்கு இந்தத் தடவை காய்ச்சல் வராமலே போயிருக்கலாம், வேறு ஏதாவது ஒரு பல் குறைந்திருக்கலாம். வராத காய்ச்சலை யார் தடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அறிவியல்படி நான் சொன்னது முழுக்கச் சரி. வேண்டுமானால் என் ஓரகத்தியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவள் குழந்தையின் தொடையை எனக்கு வாகாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை.

"போன பிள்ளைக்கு ஒங்க பேர்தான் டாக்டரம்மா வச்சிருந்தோம். ஆஸ்பத்திரியில அதுவும் பொண்ணுன்னுதான் சொன்னாங்க. பொதைக்கும்போது அந்தப் பேரச் சொல்லித்தான் மண்ணு போட்டோம். அதான் இதுக்கு வைக்கல."

நான் ஊசியைப் போட்டேன். குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓரகத்தியின் பெயரைச் சொல்லிச் சொல்லி முதுகில் தட்டினாள். அழுகை நிற்கட்டும் என்று நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.